பத்து ஆண்டும் மூன்று வரியும்

எங்கள் அலுவலகம் பத்து ஆண்டைத் தொட்டபோது லிங்க்ட்இன் பக்கத்தில் போட்ட பதிவுக்கு நான் எழுதிய கேப்ஷன் இரண்டாயிரத்து அறுநூறு எழுத்துக்கு மேல் போனது. அதை எழுத மூன்று மாலைகள் எடுத்தேன். போட்ட அடுத்த நாள் காலை, ஜெனரேட்டரையும் வாசலையும் பார்த்துக்கொள்கிற அண்ணை என்னை நிறுத்திச் சொன்னார்: "பிள்ளை, மகள் போனில காட்டினவ. நல்லா எழுதியிருக்கிறீங்கள். எல்லாற்ற பேரும் போட்டிருக்கிறீங்களாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் பெயர் அதில் இல்லை. மகள் அதைச் சொன்னாரா, சொல்லாமல் விட்டாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் துணிவு வரவில்லை. கேப்ஷன் நீளமா குறுகலா என்ற கேள்வியை அதுவரை நான் வெறும் அளவுக் கேள்வியாகத்தான் வைத்திருந்தேன். அந்தக் காலையிலிருந்து அப்படிப் பார்க்க முடியவில்லை.

நான் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் இருக்கும் சிறிய மென்பொருள் நிறுவனம். பக்கத்தைப் பார்ப்பதற்கென்று தனியாக ஆள் இல்லாததால் பதிவு எழுதுவதும் என் வேலைதான். பத்தாண்டுப் பதிவு பற்றிக் கூட்டத்தில் பேசியபோது இரண்டு கட்சி இருந்தது. பணிப்பாளருக்கு ஒரே வரி போதும்: "பத்து ஆண்டுகள். நன்றி." படம் பேசட்டும் என்றார். எனக்கு அது மனது கேட்கவில்லை. 2014 ஒக்டோபரில் நாங்கள் தொடங்கினோம், அதே மாதம்தான் யாழ்தேவி பல ஆண்டுகளுக்குப் பின் திரும்ப யாழ்ப்பாணம் நிலையத்துக்கு வந்தது. எங்கள் முதல் நான்கு கணினிகள் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தன. இரண்டு கிழமை கழித்து வாங்கிய அச்சியந்திரம் ரயிலில் வந்தது. இப்படி ஒரு கதையை வைத்துக்கொண்டு ஒரு வரி எழுதுவது சரியில்லை என்றுதான் வாதாடினேன். அதோடு, பதிவின் முன் ஒருவர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதையும் வரிசைப்படுத்தலில் கணக்கில் எடுப்பதாக லிங்க்ட்இன் பொறியியலாளர்கள் 2020இல் எழுதியிருந்தார்கள். நீளமாக எழுதினால் நீண்ட நேரம் நிற்பார்கள், ஆகவே நீளம் நல்லது என்று நானும் அதைப் படித்தேன். பணிப்பாளர் விட்டுக்கொடுத்தார்.

அந்த வாதத்தில் ஓட்டை இருந்தது. நிற்கிற நேரம் கணக்கில் வருவது வாசகர் நின்றால்தான். கேப்ஷன் நீளமாக இருப்பதும் வாசகர் நிற்பதும் வேறு வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன வார்த்தை இருக்கிறது, திரையில் `…more` என்று வரும். அதைத் தொடாதவருக்கு என் இரண்டாயிரத்து அறுநூறு எழுத்தும் மூன்று வரிதான்.

மூன்று வரிக்குள் என்ன இருந்தது

பதிவு போட்ட அன்று மாலை, வடிவமைப்புச் செய்கிற தம்பி தன் போனை நீட்டினான். "அக்கா, எனக்கு இவ்வளவுதான் தெரியுது." பார்த்தேன். "எங்கள் நிறுவனம் தனது பத்தாவது ஆண்டைப் பூர்த்தி செய்வதைப் பெருமகிழ்ச்சியுடன் அறியத்தருகின்றோம். இந்த நீண்ட பயணத்தில் எம்முடன் கைகோர்த்த" என்பதோடு வெட்டுப்பட்டிருந்தது. மேலே நிறுவனத்தின் பெயர், கீழே கேக் வெட்டுகிற படம், நடுவில் இது. யாழ்தேவி ஐந்தாவது பந்தியில் இருந்தது. இரவு பஸ் ஆறாவதில்.

கணினித் திரையில் எழுதும்போது இது கண்ணில் படாது. எழுதும் பெட்டியில் முழுப் பந்தியும் விரிந்து கிடக்கும், எங்கே வெட்டும் என்று அது காட்டுவதில்லை. படத்தோடு போடும் பதிவில் போனில் ஏறத்தாழ மூன்று வரி தெரியும், படம் இல்லாத வெறும் எழுத்துப் பதிவில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். இது போனுக்குப் போன், எழுத்தின் அளவுக்கு அளவு மாறுகிறது. அதனால் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு எழுதுவதை விட்டுவிட்டேன். இப்போது என் போனிலும் தம்பியின் போனிலும் முன்பு போட்ட பதிவுகளைத் திறந்து, எந்தச் சொல்லில் வெட்டியது என்று பார்த்து, அதற்கு இரண்டு சொல் முன்னதாகவே முதல் கருத்தை முடிக்கப் பார்க்கிறேன்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே இன்னொரு சங்கதி இருக்கிறது. "யாழ்ப்பாணம்" என்பதை நாம் எண்ணினால் ஆறு எழுத்து. யா, ழ், ப், பா, ண, ம். யூனிகோடு கணக்கில் அதே சொல் பதினொன்று, ஏனென்றால் புள்ளியும் காலும் தனித்தனிக் குறியாக எண்ணப்படுகின்றன. லிங்க்ட்இன் பதிவின் உச்சம் 3000 எழுத்து என்கிறார்கள், அது தமிழில் நம் கண்ணுக்கு 3000 எழுத்தாக இருக்காது, அதைவிட நன்றாகக் குறையும். உச்சத்தை விடப் பெரிய தொல்லை முதல் மூன்று வரியில்தான். நம் சொற்கள் நீளம், விகுதிகள் ஒட்டிக்கொண்டே போகும், எழுத்துகளும் அகலம். என் போனில் மூன்று வரிக்குள் பன்னிரண்டு, பதினான்கு தமிழ்ச் சொல்தான் நிற்கிறது. அந்தப் பன்னிரண்டில் "பெருமகிழ்ச்சியுடன் அறியத்தருகின்றோம்" என்ற இரண்டு சொல்லே ஒரு வரிக்கு மேல் தின்றுவிட்டது. ஆங்கிலத்தில் எழுதிப் பழகியவர்கள் சொல்லும் அளவுகளை அப்படியே தமிழுக்கு எடுத்தால் ஒத்துவராது என்பது அன்றுதான் உறைத்தது.

அறிவித்தல் பத்திரம்

அந்த "அறியத்தருகின்றோம்" எங்கிருந்து என் கைக்கு வந்தது என்று பிறகு யோசித்தேன். நாம் எல்லோரும் சின்ன வயதிலிருந்து பத்திரிகையின் கடைசிப் பக்கங்களில் படித்து வளர்ந்த நடை அது. மரண அறிவித்தலிலும் அந்தியேட்டி அழைப்பிலும் இருக்கிற நடை. பிறப்பிடம், வதிவிடம், இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மைத்துனரும் என்று நீண்டுபோகும் பட்டியல், கடைசியில் உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளும்படி. அந்த நடைக்கு அதன் இடத்தில் பெரிய மரியாதை உண்டு. அதை எழுதுகிறவர்கள் எவ்வளவு கவனமாக எழுதுவார்கள் என்பதும் தெரியும். பெயர் விடுபட்டால் ஒரு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் நம் ஊரில் இருக்கின்றன. எங்கள் அம்மம்மாவின் அறிவித்தலை எழுதிய இரவு, மாமாவும் சித்தியும் கொப்பித் தாளில் பெயர்களை எழுதி, ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி எடுத்து, மூன்று தரம் சரிபார்த்துத்தான் அனுப்பினார்கள்.

நான் என் கேப்ஷனில் முப்பத்தொரு பேரின் பெயர் போட்டேன். மூன்று தரம் சரிபார்க்கவில்லை. பட்டியலை எப்படித் தயாரித்தேன் என்பதில்தான் பிழை இருந்தது. @ குறியைப் போட்டு ஒவ்வொரு பெயராகத் தட்டினேன், யார் பெயர் கீழே விழுந்ததோ அவரை டேக் செய்தேன். இப்போது இருக்கிறவர்கள், விலகிப் போனவர்கள், கனடாவில் இருக்கிறவர், ஒஸ்லோவில் இருக்கிறவர், எல்லோரும் வந்தார்கள். லிங்க்ட்இன் கணக்கு இல்லாதவர் கீழே விழ மாட்டார். வாசலில் இருக்கும் அண்ணைக்குக் கணக்கு இல்லை. மதியம் தேத்தண்ணி போடுகிற அம்மாவுக்கும் இல்லை. முதல் இரண்டு ஆண்டு கணக்கு வழக்குப் பார்த்த ஐயா இப்போது உரும்பிராயில் ஓய்வாக இருக்கிறார், அவருக்கும் இல்லை. மூவரையும் நான் மறந்துபோய் விடவில்லை. என் விரல் போன வழியில் அவர்கள் இல்லை.

நீண்ட கேப்ஷனின் உண்மையான ஆபத்து இது என்று நான் இப்போது நம்புகிறேன். நீளம் சலிப்பூட்டும் என்பது சின்ன விஷயம், சலித்தவர் தாண்டிப் போய்விடுவார். ஆனால் நீண்ட பட்டியல் முழுமையானது என்ற தோற்றத்தைத் தருகிறது. "எல்லோருக்கும் நன்றி" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அண்ணையும் அந்த எல்லோருக்குள் இருந்திருப்பார். முப்பத்தொரு பெயர் எழுதிய அந்தக் கணத்தில், முப்பத்திரண்டாவது ஆள் வெளியே நிறுத்தப்பட்டார். பணிப்பாளர் கேட்ட ஒரு வரி, எனக்கு அன்று வெறுமையாகத் தெரிந்த அந்த வரி, ஒருவரையும் வெளியே விடவில்லை.

அன்றே திருத்தினேன். லிங்க்ட்இனில் போட்ட பதிவின் எழுத்தை மாற்றலாம், மாற்றினால் பக்கத்தில் `Edited` என்று விழும். மூன்று பேரின் பெயரையும் சேர்த்தேன். சேர்த்து முடித்துப் பார்த்தபோது இன்னும் மோசமாகத் தெரிந்தது. முப்பத்தொரு பெயர் நீல நிறத்தில், தொட்டால் திறக்கும். மூன்று பெயர் கறுப்பில், கடைசியில். பிறகு எல்லா டேக்கையும் எடுத்துவிட்டேன், முப்பத்துநான்கும் ஒரே கறுப்பு. யாருக்கு அறிவிப்பு போகிறதோ போகவில்லையோ, ஒரு வரிசையில் நிற்கட்டும் என்று.

பதிவுக்குக் கிடைத்த பதில்களையும் அந்த இரவு ஒருமுறை முழுதாகப் படித்தேன். கைதட்டல்கள் நிறைய. பின்னூட்டங்கள் பெரும்பாலும் "வாழ்த்துகள்" என்ற ஒரே சொல், டேக் செய்யப்பட்டவர்களிடமிருந்து. யாழ்தேவியைப் பற்றி இரண்டு பேர் மட்டும் எழுதியிருந்தார்கள். ஒருவர் அந்த முதல் ரயிலைப் பார்க்கத் தகப்பனோடு நிலையத்துக்குப் போனவராம். அவர் `…more` ஐத் தொட்டு ஐந்தாவது பந்திவரை வந்திருக்கிறார். மற்றவர்கள் வந்திருக்கமாட்டார்கள் என்று நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. வாழ்த்துச் சொல்ல நான் எழுதியதில் எதையும் படிக்க வேண்டியிருக்கவில்லை. படத்தில் கேக்கில் 10 என்று இருந்தது, அது போதும்.

பெயரை மறைத்துப் பார்ப்பது

இதற்குப் பிறகு நான் ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். கேப்ஷனை எழுதி முடித்ததும் நிறுவனத்தின் பெயரையும் ஆண்டு எண்ணையும் விரலால் மறைத்துவிட்டுப் படிப்பேன். மிச்சம் இருப்பது ஸ்ரான்லி வீதியில் உள்ள எந்தக் கடைக்கும், கொழும்பில் உள்ள எந்த வங்கிக்கும் பொருந்துமானால், அந்த வாக்கியத்தை அடிப்பேன். என் பத்தாண்டுக் கேப்ஷனை இப்படி மறைத்துப் படித்தபோது "கைகோர்த்த", "நீண்ட பயணம்", "வாடிக்கையாளரின் நம்பிக்கை", "எதிர்காலத்தை நோக்கி" எல்லாம் போய்விட்டன. இரவு பஸ், ரயிலில் வந்த அச்சியந்திரம், பெயர்ப் பட்டியல், 2022 பற்றிய ஒரு வரி. அவ்வளவுதான் எங்களுடையது. மூன்று மாலை எழுதியதில் ஏழெட்டு வரி.

அந்த மிச்சத்தை வைத்துத்தான் நீளத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்று தோன்றியது. பத்து ஆண்டு என்பது ஓர் எண். அது எங்களை ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குச் செய்தி. அவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, தேவை வாழ்த்த ஓர் இடம். அதற்கு இரண்டு வரி போதும், பணிப்பாளர் சொன்னது சரி. ஆனால் "பத்து ஆண்டுகள். நன்றி." என்பதையும் பெயரை மறைத்துப் படித்தால் யாருக்கும் பொருந்தும், அதனால் அவருடைய வரியும் முழுக்கச் சரியில்லை. இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்: "யாழ்தேவி திரும்பி வந்த மாதம் தொடங்கினோம். பத்து ஆண்டாயிற்று. கூட இருந்த எல்லோருக்கும் நன்றி." பதினொரு சொல், வெட்டுக்கு முன்னேயே முடிகிறது, பெயர் ஒன்றும் இல்லை. ரயிலைத் தெரிந்தவருக்கு அந்த ஆண்டு எப்படி இருந்தது என்று தெரியும், விளக்கத் தேவையில்லை.

நீளம் தேவைப்படுவது எங்களைத் தெரியாதவருக்கு. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடத்தில் இறுதி ஆண்டு படிக்கிற ஒரு பிள்ளை, கொழும்புக்குப் போவதா இங்கேயே இருப்பதா என்று யோசித்துக்கொண்டு எங்கள் பக்கத்தைத் திறந்தால், பத்து என்ற எண் அவருக்கு ஒன்றும் சொல்லாது. இங்கே வேலை செய்தால் நாள் எப்படி இருக்கும், கெட்ட நாளில் என்ன நடக்கும் என்பதுதான் அவருக்கு வேண்டும். லண்டனில் இருந்து வேலை தரலாமா என்று யோசிப்பவருக்கும் அதுவேதான் வேண்டும். அதை நன்றிப் பட்டியலுக்குள் ஒரு வரியாகச் செருகினால் யாருக்கும் உதவாது. ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து, அது முடியும்வரை எழுத வேண்டும். மைல்கல் நாளிலேயே அதைப் போட வேண்டும் என்றும் இல்லை.

அதனால் இரண்டு கிழமை கழித்து வேறொரு பதிவு எழுதினேன். 2022 பங்குனி கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் நின்ற நாட்கள் நினைவிருக்கும். மின்சாரம் இல்லாத நேரம் ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல், டீசலுக்கு வரிசை. அந்த வரிசையில் நின்றது அண்ணை. முதல் பதிவில் "நெருக்கடியான காலங்களிலும் தடையற்ற சேவை" என்று நான் எழுதியிருந்த வரி உண்மையில் இவருடைய இரண்டு இரவுகள்.

அவரிடம் போய்க் கேட்டேன், எழுதலாமா என்று. ஒருவரின் கதையை அலுவலகப் பக்கத்தில் போடுவதற்கு முன் அவரிடம் கேட்பது, எழுதியதை வாசித்துக் காட்டுவது, இரண்டும் நீண்ட கேப்ஷனின் வேலையில் சேர்ந்தது. அவர் யோசித்து, "ஓம், எழுதுங்கோ, ஆனா சரியா எழுதுங்கோ" என்றார். மதியம் வாசலில் இருந்து முழுக் கதையையும் சொன்னார். எழுதியது இது:

"2022 பங்குனியில் எங்கள் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க ஒருவர் இரண்டு இரவு வரிசையில் படுத்தார். லண்டன் வாடிக்கையாளருக்கு அது தெரியாது.

முதல் நாள் பின்னேரம் நான்கு மணிக்குப் போனார். அவருக்கு முன்னால் நிறைய வாகனங்கள். இரவு பௌசர் வரவில்லை. விடிய மகள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார். அலுவலகத்தில் மிச்சம் இருந்த டீசலைக் கணக்குப் பார்த்தோம், ஐந்து மணித்தியாலம் ஓடும். குளிரூட்டியை நிறுத்தினோம், பாதி விளக்கை நிறுத்தினோம், பன்னிரண்டு பேரை ஒரே அறையில் இருத்தினோம். இரண்டாம் இரவும் அவர் அங்கேயே. மூன்றாம் நாள் காலை ஒன்பதரைக்கு வந்தார். டீசல் ஊற்றும்போது எங்களிடம் நாற்பது நிமிடத்துக்குத்தான் மிச்சம் இருந்தது.

அன்று அனுப்ப வேண்டிய வேலை அன்றே போனது. அவரது தன்னலமற்ற அர்ப்பணிப்புக்கு நாம் என்றும் கடமைப்பட்டுள்ளோம். இன்றும் எங்கள் வாசலில் அவர்தான் இருக்கிறார்."

படம் கேக் இல்லை, ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் அவர் நிற்கும் படம். முதல் இரண்டு வாக்கியத்துக்காக மட்டும் ஒரு மாலை போனது. "இரண்டு இரவு" வெட்டுக்கு முன் வர வேண்டும், "தெரியாது" என்பதும் வர வேண்டும். என் போனில் வந்தது, தம்பியின் போனில் "வாடிக்கையாளருக்கு" என்பதோடு நின்றது. அதுவும் பரவாயில்லை, அங்கே நின்றால் அடுத்ததைப் பார்க்கத் தோன்றும்.

போடுவதற்கு முன் வாசலில் இருந்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். "மூன்றாம் நாள் ஒன்பதரை இல்லை, எட்டரை" என்று திருத்தினார். மகள் சாப்பாடு கொண்டுவந்த இடத்தில் தலையாட்டினார். கடைசிப் பந்தியில் அர்ப்பணிப்பு, கடமைப்பட்டுள்ளோம் என்று வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது என்னத்துக்குப் பிள்ளை? டீசல் கதை காணும்."

அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, எட்டரை என்று மாற்றிப் போட்டேன்.